விளிம்பை நோக்கி அடரும் உருண்டை

மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் காஸ் விதியைச் சொல்லித்தரும்போது இரண்டு கோளங்கள் வருவது வழக்கம். ஒன்று, மேல்பரப்பில் மட்டும் மின்னூட்டம் பூசிய கூடு. மற்றொன்று, உடம்பு முழுவதும் ஒரே சீராக மின்னூட்டம் நிறைந்த திண்மக் கோளம். நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் மூன்றாவதாக ஒன்றையும் சந்திப்பார்கள். அதன் நட்ட நடுவில் மின்னூட்டம் சிறிதும் இல்லை. நடுவிலிருந்து விலக விலக அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். இரண்டு மடங்கு தொலைவில் இரண்டு மடங்கு அடர்த்தி, மூன்று மடங்கு தொலைவில் மூன்று மடங்கு. விளிம்பில்தான் அது உச்சம். இந்தக் கோளத்துக்கு உள்ளேயும் வெளியேயும் மின்புலம் எப்படி இருக்கும் என்பதே கேள்வி.

சூத்திரத்தை மனப்பாடம் செய்து விடை எழுதிவிடலாம். ஆனால் அந்தச் சூத்திரம் எங்கிருந்து முளைக்கிறது என்று பார்த்தால், மற்ற இரண்டு கோளங்களிலும் இல்லாத அழகான ஓர் ஒழுங்கு இதில் இருப்பது தெரியவரும். அதைக் காட்டவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு நிபந்தனை. இந்தக் கோளம் உலோகமாக இருக்க முடியாது. உலோகத்தில் மின்னூட்டம் தங்கு தடையின்றி ஓடும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எல்லாம் மேல்பரப்புக்கு வந்து சேர்ந்துவிடும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது. வைத்த இடத்தில் மின்னூட்டம் அசையாமல் நிற்க வேண்டுமானால் கோளம் மின்சாரத்தைக் கடத்தாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும்.

கணக்குக்கு ஒரு கோளத்தை எடுத்துக்கொள்வோம். ஆரம் 10 சென்டிமீட்டர். அதற்குள் இருக்கும் மொத்த மின்னூட்டம் 1 மைக்ரோகூலூம், அதாவது ஒரு கூலூமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆரத்தை R என்றும், விளிம்பில் உள்ள அடர்த்தியை ρ₀ என்றும் குறித்தால், நடுவிலிருந்து r தொலைவில் அடர்த்தி ρ₀ × r/R. கேள்வியில் சொல்லப்பட்டது இவ்வளவுதான்.

இனி இந்தக் கோளத்தை வெங்காயம்போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய தோல்களாகக் கற்பனை செய்யலாம். ஒவ்வொரு தோலும் 1 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்தால் பத்துத் தோல்கள். ஒரு தோலில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கும்? அது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. தோலின் பரப்பு தொலைவின் வர்க்கத்தைப்போல ஏறும். கோளத்தின் மேல்பரப்பு 4πr² அல்லவா. அந்தத் தோலில் உள்ள அடர்த்தியோ தொலைவைப்போலவே ஏறும். இரண்டையும் பெருக்கினால் தோலின் மின்னூட்டம் தொலைவின் கனத்தைப்போல, r³ ஆக ஏறுகிறது. முதல் தோலில் ஒரு பங்கு என்றால் இரண்டாவதில் 8, மூன்றாவதில் 27, பத்தாவதில் 1000.

ஆகவே மொத்தம் வேண்டுமென்றால் 1 முதல் 10 வரை எண்களின் கனங்களைக் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டலுக்கு வழி சொன்னவர் ஆரியபட்டர். கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டீயத்தில், எண்களின் கனங்களைக் கூட்டினால் அந்த எண்களின் கூட்டுத்தொகையின் வர்க்கம் கிடைக்கும் என்கிறார். 1 முதல் 10 வரை கூட்டினால் 55. அதன் வர்க்கம் 3025. கனங்களின் கூட்டுத்தொகையும் அதேதான்.

இந்த 3025-ஐ 10-இன் நான்காம் அடுக்கில் கால் பங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10,000-இல் கால் பங்கு 2500. இரண்டும் நெருங்கவில்லை, 21 சதவீதம் கூடுதலாக இருக்கிறது. காரணம், ஒவ்வொரு தோலுக்கும் அதன் வெளி விளிம்பின் அளவையே தோல் முழுவதற்கும் வைத்து விட்டோம். தோல் தடிமனாக இருப்பதால் பிழையும் பெரிது. நூறு தோல்களாகச் சீவினால் கூட்டுத்தொகை 5050-இன் வர்க்கம், அதாவது 2,55,02,500. நூறின் நான்காம் அடுக்கில் கால் பங்கு 2,50,00,000. வித்தியாசம் 2 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. ஆயிரம் தோல்களில் 0.2 சதவீதம். தோல் மெலிய மெலிய விடை r⁴/4 என்ற எண்ணில் போய் நிற்கிறது. தொகை நுண்கணிதம் ஒரே வரியில் தருகிற விடையும் இதுவே. அது எதைச் சுருக்கிச் சொல்கிறது என்பது இப்படிக் கூட்டிப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

மேல்பரப்பில் வரும் 4π-இல் உள்ள 4, இங்கே வந்த கால் பங்கோடு அடிபட்டுப் போகும். மிஞ்சுவது இதுதான்:

```
r தொலைவுக்குள் அடங்கிய மின்னூட்டம் = π ρ₀ r⁴ / R
கோளம் முழுவதும்:  Q = π ρ₀ R³
```

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அடர்த்தியைக் கன அளவால் பெருக்கினால் மின்னூட்டம் வரும் என்ற பழக்கத்தில், ρ₀-ஐ 4πR³/3-ஆல் பெருக்கிவிடுவார்கள். கோளம் முழுவதும் விளிம்பின் அடர்த்தியே இருந்தால்தான் அது சரி. இங்கே சராசரி அடர்த்தி, விளிம்பின் அடர்த்தியில் முக்கால் பங்கு மட்டுமே. அவசரப்பட்டவர்களுக்கு விடை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்திருக்கும். நடுவில் சுழியம், விளிம்பில் ρ₀, ஆகவே சராசரி அதில் பாதி என்று எடுப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. வெளித் தோல்கள் பரப்பில் பெரியவை. சராசரியை அவை தங்கள் பக்கம் இழுத்துவிடும்.

மின்னூட்டம் எவ்வளவு தூரம் வெளிப்பக்கமாக ஒதுங்கியிருக்கிறது என்பதையும் இந்த நான்காம் அடுக்கே சொல்லிவிடும். நம் கோளத்தில் நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் வரை, அதாவது ஆரத்தில் பாதி வரை, அடங்கியிருப்பது பதினாறில் ஒரு பங்கு மட்டுமே. மீதி பதினைந்து பங்கும் வெளிப் பாதியில். மொத்த மின்னூட்டத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் எல்லை 8.4 சென்டிமீட்டரில் வருகிறது. கடைசி 1.6 சென்டிமீட்டர் தடிமனுக்குள் பாதி மின்னூட்டம் குவிந்திருக்கிறது.

சரி, மின்புலம் எங்கே? ஓர் இடத்தில் 1 கூலூம் மின்னூட்டத்தை வைத்தால் அதன்மேல் விழக்கூடிய விசைதான் அந்த இடத்தின் மின்புலம். கோளத்துக்குள் 5 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு புள்ளியில் நிற்கிறோம் என்று கொள்ளுங்கள். உள்ளே ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குத் தோல்கள், வெளியே நம்மைச் சூழ்ந்து இன்னொரு ஐந்து சென்டிமீட்டர். வெளித் தோல்களில்தான் பதினைந்து பங்கு இருக்கிறது, அவைதான் நம்மைப் பலமாகத் தள்ளும் என்று மனம் சொல்லும். உண்மையில் அவற்றின் பங்களிப்பு சுழியம்.

இதை முதலில் நிறுவியவர் நியூட்டன். 1687-இல் வெளிவந்த பிரின்சிபியாவில், ஈர்ப்பு விசைக்காக அதைச் செய்தார். மெல்லிய கோளத் தோலுக்குள் எங்காவது ஒரு புள்ளியை எடுத்து, அதிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரண்டு குறுகிய கூம்புகளை வரையுங்கள். ஒரு கூம்பு தோலின் பக்கத்துச் சுவரில் சின்னத் துண்டு ஒன்றை வெட்டும். மற்றது தூரத்துச் சுவரில் பெரிய துண்டை வெட்டும். தூரத்துச் சுவர் மூன்று மடங்கு தொலைவில் இருந்தால் துண்டின் பரப்பு ஒன்பது மடங்கு, ஆகவே மின்னூட்டமும் ஒன்பது மடங்கு. ஆனால் விசை தொலைவின் வர்க்கத்துக்கு எதிராகக் குறைவதால் ஒவ்வொரு பங்கின் விசையும் ஒன்பதில் ஒன்றாகிவிடும். இரண்டு துண்டுகளும் சம பலத்தோடு எதிரெதிராகத் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தோல் முழுவதையும் இப்படி இரண்டிரண்டு துண்டுகளாக இணை சேர்த்துவிடலாம்.

விசை தொலைவின் வர்க்கத்துக்கு மாறாக, வேறு ஏதாவது அடுக்கின்படி குறைந்திருந்தால் இந்தக் கழிவு நடக்காது. இதையே திருப்பிப் பிடித்தவர் ஹென்றி கேவண்டிஷ். 1773 வாக்கில் ஓர் உலோக உருண்டையை இரண்டு அரைக்கோளங்களால் மூடி, உருண்டையையும் மூடியையும் கம்பியால் இணைத்து, மின்னூட்டம் ஏற்றினார். பின்பு கம்பியை நீக்கி, அரைக்கோளங்களைப் பிரித்துவிட்டு உள்ளே இருந்த உருண்டையைச் சோதித்தார். அதில் மின்னூட்டம் தென்படவில்லை. மின்விசையும் வர்க்கத்துக்கு எதிராகவே குறைகிறது என்று அவர் கண்டுகொண்டார். ஆனால் வெளியிடவில்லை. 1785-இல் கூலூம் தம் முறுக்குத் தராசின் அளவீடுகளை அறிவித்ததால் விதி அவர் பெயரில் நிலைத்தது. கேவண்டிஷின் கைப்பிரதிகளை மேக்ஸ்வெல் பதிப்பித்து வெளிக்கொணர்ந்தது 1879-இல்தான்.

ஆக, 5 சென்டிமீட்டரில் நிற்பவருக்கு வெளித் தோல்கள் இல்லாததற்குச் சமம். உள்ளே இருக்கும் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே வேலை செய்கிறது. அதுவும் மொத்தமாக நடுப்புள்ளியில் குவிந்திருப்பதுபோலச் செயல்படும். காஸ் விதி இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. r ஆரத்தில் ஒரு கற்பனைக் கோளத்தை வரையுங்கள். அதன் பரப்பு முழுவதும் மின்புலம் ஒரே அளவு, எங்கும் வெளிநோக்கியது. அந்தப் பரப்பை மின்புலத்தால் பெருக்கினால், உள்ளே அடங்கிய மின்னூட்டத்தை ε₀-ஆல் வகுத்த எண் வரும்.

உள்ளே அடங்கிய மின்னூட்டம் r⁴ போல ஏறுகிறது. அதைப் பரப்பின் r² கொண்டு வகுக்கிறோம். மிஞ்சுவது r². வெளியே போய்விட்டால் அடங்கிய மின்னூட்டம் இனி ஏறாது, எப்போதும் Q தான். பரப்பு மட்டும் பெருகிக்கொண்டே போகும். ஆகவே 1/r².

```
உள்ளே (r < R):   E = k Q r² / R⁴
வெளியே (r > R):  E = k Q / r²
k = 1/(4π ε₀) ≈ 9 × 10⁹
```

இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே வர்க்கமாக ஏற்றம், வெளியே வர்க்கத்துக்கு எதிராக இறக்கம். விளிம்பில் மின்புலம் 9 லட்சம் வோல்ட்/மீட்டர். ஆரத்தில் பாதியான 5 சென்டிமீட்டரில் அது நான்கில் ஒன்றாகி 2,25,000. ஆரத்தில் இரண்டு மடங்கான 20 சென்டிமீட்டரிலும் நான்கில் ஒன்று, அதே 2,25,000. மூன்றில் ஒரு பங்கு ஆரத்தில் ஒரு லட்சம். மூன்று மடங்கு ஆரத்திலும் ஒரு லட்சம். எந்த மடங்கை எடுத்தாலும் அத்தனை பங்கு உள்ளேயும் அத்தனை மடங்கு வெளியேயும் மின்புலம் ஒன்றுதான்.

நான் முதலில் சொன்ன ஒழுங்கு இதுவே. சீரான அடர்த்தியுள்ள கோளத்தில் இது கிடையாது. அங்கே உள்ளே அடங்கும் மின்னூட்டம் r³, அதை r²-ஆல் வகுத்தால் மின்புலம் r போல நேர்கோட்டில் ஏறும், வெளியே 1/r² போல இறங்கும். 5 சென்டிமீட்டரில் அங்கே 4,50,000 வோல்ட்/மீட்டர் இருக்கும், 20 சென்டிமீட்டரில் 2,25,000. கூட்டில் இன்னும் வேறு, உள்ளே எங்கும் சுழியம். அடர்த்தி தொலைவுக்கு நேர்விகிதமாக ஏறும் இந்த ஒரு கோளத்தில் மட்டுமே ஏற்றமும் இறக்கமும் ஒன்றுக்கொன்று இவ்வளவு சமமாக அமைகின்றன.

வரைபடத்தில் விளிம்பை ஒட்டிப் பார்த்தாலும் அது தெரியும். மின்புலத்தின் அளவு விளிம்பில் அறுபடாமல் தொடர்கிறது, சரிவு மட்டும் சட்டென்று திரும்புகிறது. உள்பக்கம் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 18,000 வோல்ட்/மீட்டர் கூடிக்கொண்டு வந்தது, வெளிப்பக்கம் அதே வேகத்தில் குறையத் தொடங்கும். இந்தத் தொடர்ச்சி நல்ல சோதனையும்கூட. உள்ளே ஒரு சூத்திரம், வெளியே ஒரு சூத்திரம் எழுதிவிட்டு, இரண்டிலும் r-க்குப் பதில் R-ஐப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணைத் தராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. உள்ளே அடங்கிய மின்னூட்டத்துக்குப் பதில் மொத்த Q-வைப் போட்டவர்கள் மட்டும் இந்தச் சோதனையில் தப்பித்துவிடுவார்கள், ஏனென்றால் விளிம்பில் இரண்டும் ஒன்று. அவர்கள் நடுப்புள்ளியில் சோதிக்க வேண்டும். நடுவில் எந்தத் திசைக்கும் தனிச் சலுகை இல்லை, மின்புலம் சுழியமாகத்தான் இருந்தாக வேண்டும். தவறான சூத்திரம் அங்கே முடிவிலிக்கு ஓடும்.

நடுவில் மின்புலம் சுழியம் என்றதும் மின்னழுத்தமும் சுழியம் என்று நினைத்துவிடக் கூடாது. கோளம் முழுவதிலும் மின்னழுத்தம் மிக அதிகமாக இருப்பது நடுவில்தான். வெகு தொலைவிலிருந்து ஒரு மின்னூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறோம் என்றால், விளிம்பை எட்டுவதற்குள் ஒரு கூலூமுக்கு 90,000 ஜூல் செலவாகியிருக்கும். உள்ளே நுழைந்தபின் எதிர்ப்பு தளர்கிறது, ஆனால் நடு வரை ஏதோ ஓர் எதிர்ப்பு இருந்துகொண்டே இருக்கிறது. அதற்கு இன்னும் 30,000. ஆகவே விளிம்பில் 90,000 வோல்ட், நடுவில் 1,20,000 வோல்ட். இதே மின்னூட்டம் சீராகப் பரவியிருந்தால் நடுவில் 1,35,000 வந்திருக்கும். மின்னூட்டம் வெளிப்பக்கமாக ஒதுங்க ஒதுங்க நடுவின் மின்னழுத்தம் குறைந்து, கூட்டில் விளிம்பின் அளவான 90,000-த்திலேயே நின்றுவிடுகிறது.

வெளியே நிற்பவருக்கு இந்த வேறுபாடுகள் எதுவும் தெரியாது என்பதைக் கவனிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் கருவியை வைத்து எத்தனை முறை அளந்தாலும் மூன்று கோளங்களும் ஒரே எண்ணையே தரும். மின்னூட்டம் உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி உள்ளே இருக்கும் மின்புலத்தில்தான் பதிந்திருக்கிறது.

பூமியிலும் இதே கதைதான், ஈர்ப்பு விசையில். ஆனால் அடுக்கு தலைகீழ். பூமியின் அடர்த்தி நடுவை நோக்கித்தான் ஏறுகிறது. மையத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 13 கிராம். சீரான அடர்த்தியாக இருந்தால் கீழே இறங்க இறங்க ஈர்ப்பு நேர்கோட்டில் குறைய வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை, மூடகம் முழுவதும், ஈர்ப்பு முடுக்கம் 10 மீட்டர்/வினாடி² என்ற அளவை ஒட்டியே நிற்கிறது. உள்ளகத்தின் எல்லையில் கொஞ்சம் கூடி 10.7-ஐத் தொட்டு, அதன்பின்தான் சுழியத்தை நோக்கி இறங்குகிறது. மேலே நடந்து ஈர்ப்பை மட்டும் அளப்பவருக்கு, சீரான உருண்டையா இது என்றுகூடச் சொல்ல முடியாது. நிலநடுக்க அலைகள் உள்ளே போய்த் திரும்பி வந்ததால்தான் அடுக்குகள் தெரியவந்தன.

நம் கோளத்துக்குத் திரும்பினால், இதுவரை போட்ட கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. வடிவ ஒழுங்கை நம்பியே எல்லாம் நிற்கிறது. அடர்த்தி ஒரு பக்கம் கூடுதலாக இருந்தாலோ, நடுவைவிட்டு விலகிய இடத்தில் ஒரு குழி தோண்டினாலோ, கற்பனைக் கோளத்தின் பரப்பில் மின்புலம் ஒரே அளவாக இருக்காது. காஸ் விதி அப்போதும் பொய்க்காது. ஆனால் அதிலிருந்து மின்புலத்தைத் தனியே பிரித்தெடுக்க முடியாது, வேறு வழி தேட வேண்டும். மின்னூட்டத்தை விருப்பம்போல ஏற்றவும் முடியாது. ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட் எட்டினால் காற்று தன் காப்புத் தன்மையை இழந்து பொறி பறக்கும். மின்புலம் உச்சம் தொடுவது விளிம்பில் என்பதால் முதலில் முறிவது அங்கேதான். 10 சென்டிமீட்டர் கோளத்துக்கு அந்த வரம்பு 3.3 மைக்ரோகூலூம்.

பொருளையும் நாம் இதுவரை கணக்கில் சேர்க்கவில்லை. பாடப்புத்தகக் கோளத்தில் மின்னூட்டம் வெற்றிடத்தில் மிதப்பதாகவே கொள்கிறோம். உண்மையான அக்ரிலிக் உருண்டைக்குள் இதே ஒரு மைக்ரோகூலூம் இருந்தால், அதன் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 3 என்பதால், உள்ளே எல்லா இடத்திலும் மின்புலம் மூன்றில் ஒன்றாகும். பாதி ஆரத்தில் 75,000, விளிம்பின் உள்பக்கம் 3 லட்சம். வெளிப்பக்கம் மட்டும் அதே 9 லட்சம். இப்போது விளிம்பில் அளவு தொடர்வதில்லை, ஒரே தாவலாக மூன்று மடங்காகிறது. அக்ரிலிக்கின் மூலக்கூறுகள் மின்புலத்தில் திரும்பி நிற்பதால் உடம்புக்குள் மொத்தம் மூன்றில் இரண்டு மைக்ரோகூலூம் எதிர் மின்னூட்டமும், மேல்பரப்பில் அதே அளவு நேர் மின்னூட்டமும் தோன்றுகின்றன. உள்ளே நிற்பவருக்கு எதிர் மின்னூட்டம் மட்டும் படுகிறது, மேல்பரப்பில் உள்ளது சூழ்ந்திருக்கும் தோல் என்பதால் படுவதில்லை. வெளியே வந்தவருக்கு இரண்டும் கூடிச் சுழியமாகி, ஏற்றிய ஒரு மைக்ரோகூலூம் மட்டுமே கணக்கில் நிற்கிறது.